நிகழ்நேர மொத்தத் தீர்வும் ஒத்திவைத்த நிகரத் தீர்வும்

வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகைகளைச் செலுத்த இரண்டு முறைகள் உள்ளன. நிகழ்நேர மொத்தத் தீர்வில் (ஆர்டிஜிஎஸ்) ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக, முழுமையாக, உடனுக்குடன் மைய வங்கியிலுள்ள கணக்குகளுக்கிடையே மாற்றப்படுகிறது. ஒத்திவைத்த நிகரத் தீர்வில், குறிப்பிட்ட நேரம் வரை வந்த தொகைகளைக் கூட்டிக் கழித்து, மீதி மட்டும் கடைசியில் மாற்றப்படுகிறது.

எடுத்துக்காட்டு

க, ச, த என்ற மூன்று வங்கிகள் உள்ளன என்று கொள்வோம். ஒரே நாளில் க வங்கி ச வங்கிக்கு 100 கோடி ரூபாயும், ச வங்கி த வங்கிக்கு 90 கோடியும், த வங்கி க வங்கிக்கு 80 கோடியும் தர வேண்டும். மொத்தம் 270 கோடி. நிகரமாகப் பார்த்தால், க வங்கி 20 கோடி கொடுக்க, மற்ற இரண்டும் ஆளுக்கு 10 கோடி பெற்றால் கணக்கு முடிந்துவிடும்.

காத்திருப்பதில் உள்ள ஆபத்து

தீர்வு நேரம் மாலை என்றால், அதுவரை எந்தப் பணமும் கைமாறவில்லை. இதற்கிடையில் க வங்கி முறிந்துபோனால், அதன் கொடுக்கல் வாங்கல்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடும் நிலை வரலாம். அப்போது எஞ்சுவது ச வங்கி த வங்கிக்குத் தர வேண்டிய 90 கோடி மட்டுமே. 10 கோடி வரவை எதிர்பார்த்திருந்த ச வங்கி, இப்போது 90 கோடி கொடுக்க வேண்டும். க வங்கியிடமிருந்து வரும் என்று நம்பி, தன் வாடிக்கையாளருக்கு 100 கோடியை முன்னரே வரவு வைத்திருந்தால் அதன் நிலை இன்னும் மோசமாகும். ச வங்கியும் தடுமாறினால் அடுத்து த வங்கி பாதிக்கப்படும். காத்திருக்கும் நேரம் நீள நீள, சிக்கிக்கொள்ளும் தொகையும் பெருகும்.

மொத்தத் தீர்வின் விலை

ஆர்டிஜிஎஸ் முறையில் முடிந்த பரிமாற்றம் இறுதியானது. திரும்பப் பெற முடியாது. ஆனால் அனுப்பும் வங்கியின் கணக்கில் முழுத் தொகையும் இருக்க வேண்டும். மூன்று வங்கிகளிடமும் தலா 30 கோடி மட்டுமே இருந்தால், ஒன்றுமே நகராது; ஒவ்வொன்றும் மற்றொன்றின் பணத்துக்காகக் காத்து நிற்கும்.

இதைத் தீர்க்க, மைய வங்கி அரசுப் பத்திரங்களை ஈடாகப் பெற்று அன்றைக்குள் திருப்பித் தரவேண்டிய கடனை வழங்குகிறது. க வங்கி 70 கோடி கடன் பெற்றால் 100 கோடியைச் செலுத்தலாம். அதைக் கொண்டு ச வங்கி 90 கோடியையும், அதன்பின் த வங்கி 80 கோடியையும் செலுத்தும். அந்த 80 கோடியிலிருந்து க வங்கி கடனை அடைத்துவிடும். கடைசியில் க வங்கியிடம் 10 கோடியும் மற்ற இரண்டிடம் தலா 40 கோடியும் இருக்கும். நிகர முறையில் கிடைக்கும் அதே முடிவுதான். ஆனால் வழியில் எந்த வங்கியும் மற்றொன்றை நம்பிக் கடன் கொடுக்கவில்லை.

இந்தியாவில்

இந்திய ரிசர்வ் வங்கி 2004 மார்ச்சில் ஆர்டிஜிஎஸ் முறையைத் தொடங்கியது. 2020 டிசம்பர் முதல் அது நாள் முழுவதும் இயங்குகிறது. வாடிக்கையாளர்கள் இதில் குறைந்தது 2 லட்சம் ரூபாய் அனுப்ப வேண்டும். நெஃப்ட் நிகர முறையைச் சேர்ந்தது. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை தீர்வு நடப்பதால், ஒரு சுற்றில் தேங்கும் தொகை நாள் முடிவில் ஒரே தீர்வு நடந்தால் தேங்கக்கூடியதைவிடக் குறைவு.