மாவுக்கட்டுக்குள் ஏறும் அழுத்தம்

பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த 24 வயது இளைஞரை எடுத்துக்கொள்வோம். மாலை 4 மணிக்கு மாவுக்கட்டு போட்டாயிற்று. இரவு 10 மணிக்கு, "சிஸ்டர், வலி தாங்க முடியலை" என்கிறார். ஊசி போட்டும் வலி கூடுகிறதே தவிரக் குறையவில்லை. எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று இன்னோர் ஊசியைப் போட்டுவிட்டு நகரக் கூடாத நேரம் இது.

கெண்டைக்கால் பகுதியில் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் எளிதில் விரியாத கெட்டியான சவ்வு மூடியிருக்கிறது. ரத்தம் கசிந்து தசை வீங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. மேலே மாவுக்கட்டும் இறுக்கினால் இன்னும் ஏறுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கித் தசைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. இதைத்தான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள். சுமார் 6 மணி நேரம் இப்படியே நீடித்தால் தசையும் நரம்பும் மீளாமல் போகலாம்.

நர்ஸ் அவருடைய கால் பெருவிரலை மெல்லக் கீழ்நோக்கி மடக்குகிறார். அந்த அசைவில் முன்பக்கத் தசை இழுபடும், இளைஞர் அலறுகிறார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொட்டால் மரத்திருக்கிறது. ஆனால் விரல்கள் சூடாக இருக்கின்றன. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டே விநாடியில் சிவக்கிறது. பலரும் ஏமாறுவது இங்கேதான். பெரிய தமனியின் அழுத்தம் அறையின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். நாடி நிற்பது கடைசிக் கட்டத்தில். அதற்காகக் காத்திருந்தால் தசை போய்விடும்.

அவர் உடனே டாக்டரை அழைக்கிறார். மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை வெட்டி, உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும்வரை பிரிக்கிறார்கள். பஞ்சை விட்டுவைத்தால் இறுக்கம் முழுதும் விலகாது. வீக்கத்துக்காகத் தலையணையில் உயர்த்தியிருந்த காலை இதய மட்டத்துக்கு இறக்குகிறார்கள். உயர்த்தியே வைத்தால் தசைக்கு வரும் ரத்தம் இன்னும் குறையும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வாய்வழியாக எதுவும் தருவதில்லை.

கட்டைப் பிரித்தும் வலி அடங்கவில்லை. ஊசி செருகி அளந்தால் அறையின் அழுத்தம் 45. ரத்த அழுத்தம் 110/70. கீழ் எண்ணான 70-இலிருந்து 45-ஐக் கழித்தால் 25. இந்த வித்தியாசம் 30-க்குக் கீழே இறங்கினால் சவ்வைக் கீறித் திறந்துவிடுவார்கள். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் அளவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

எடை கட்டித் தொங்கவிடும் டிராக்‌ஷனிலும் இதே கண்காணிப்பு வேண்டும். இழுவை மிஞ்சினால் தசை அறைகள் ஒடுங்கி அழுத்தம் ஏறும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் கட்டு அழுத்தினால் அங்குள்ள நரம்பு நசுங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். அதனால் எடை தரையில் படாமல் தொங்குகிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும், "பாதத்தை மேல தூக்குங்க தம்பி" என்று சொல்லிப் பார்ப்பது நல்லது.

திறந்த காயத்தை அன்றைக்கே மூடுவதில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்த்து, வீக்கம் வடிந்திருந்தால் தைப்பார்கள். தோல் எட்டாவிட்டால் தொடையிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள்.