நீளமாகத் தேடுகிறவர்களுக்கு எழுதுங்கள்

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். மாடியில் 30 தொட்டிகள் வைத்துப் பல வருடமாகச் செடி வளர்க்கிறார். அந்த அனுபவத்தை எழுத ஒரு வலைப்பூ தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டுரையின் தலைப்பு ‘மாடித்தோட்டம்’. தெரிந்ததையெல்லாம் கொட்டி எழுதியிருக்கிறார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், படித்தவர்கள் உறவினர்களும் பழைய மாணவர்களும்தான். கூகுளில் தேடி வந்தவர் ஒருவர்கூட இல்லை. எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. எந்தச் சொல்லைத் தேடுகிறவருக்காக எழுதினார் என்பதில்தான் பிழை.

‘மாடித்தோட்டம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு வேளாண்மை சார்ந்த தளங்கள், பெரிய பத்திரிகைகள், யூடியூப் சேனல்கள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளை உருவாக்கியபோது அதன் அடிப்படை எளிமையானது: ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் எத்தனை இணைப்பு கொடுக்கின்றன, கொடுப்பவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று பார்ப்பது. இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன என்றாலும், இணைப்புக்கு இன்னும் மதிப்பு உண்டு. புதிய வலைப்பூவுக்கு இணைப்பு கொடுத்தவர் யாரும் இல்லை. இதைத்தான் இத்துறையினர் ‘அத்தாரிட்டி குறைவு’ என்கிறார்கள். இதை 1 முதல் 100 வரை மதிப்பெண்ணாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. அவை தனியார் நிறுவனங்களின் கணிப்புகள். கூகுள் அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்துவதில்லை.

அப்படியானால் புதியவருக்கு இடம் எங்கே? 2004இல் ‘வயர்டு’ இதழில் கிறிஸ் ஆண்டர்சன் ‘லாங் டெயில்’ என்ற கருத்தை எழுதினார். புத்தகம், பாட்டு விற்பனையைக் கோடாக வரைந்தால், சில பெரிய வெற்றிகள் தலையாக உயர்ந்து நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக விற்கும் ஏராளமான பொருள்கள் நீண்ட வாலாகப் போகும். தேடலும் அப்படித்தான். தினமும் கூகுளுக்கு வரும் தேடல்களில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்கு முன் யாருமே தேடாதவை என்று அந்த நிறுவனமே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஒவ்வொன்றையும் சிலரே தேடும் இந்த வால் பகுதிதான் புதிய வலைப்பூவின் இடம்.

இங்கே பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாலைந்து சொற்கள் சேர்ந்துவிட்டாலே அது லாங் டெயில் ஆகிவிடாது. ‘மாடித்தோட்டம் அமைப்பது எப்படி’ என்பது நீளமாக இருந்தாலும், ‘மாடித்தோட்டம்’ என்று தேடுபவர் கேட்பதும் அதையேதான். இரண்டையும் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதே பக்கங்கள் வந்தால், கூகுளின் கணக்கில் அவை ஒரே கேள்வி, போட்டியும் அதே போட்டி. பக்கங்கள் மாறினால்தான் அது தனிக் கேள்வி. ஒரே கேள்வியை இரண்டு விதமாக எழுதி இரண்டு கட்டுரை போட்டால், உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று மோதும்.

நம் ஆசிரியை இரண்டாவது கட்டுரைக்கு என்ன செய்யலாம்? முதலில் எல்லையைச் சுருக்க வேண்டும். அவருக்கு நன்றாகக் கைவந்தது செம்பருத்தி. ஆகவே மாடித்தோட்டத்தை விட்டுவிட்டுச் செம்பருத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். பிறகு மக்கள் அதைப் பற்றி என்ன கேட்கிறார்கள் என்று சேகரிக்கிறார். கூகுள் பெட்டியில் ‘செம்பருத்தி’ என்று தட்டி நிறுத்தினால், கீழே பரிந்துரைகள் விரியும். ஒரு இடைவெளி விட்டு அ, ஆ, இ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தால் புதிய பரிந்துரைகள் வரும். இவை பெரும்பாலும் உண்மையில் பலர் தேடியவற்றிலிருந்து வருபவை. முடிவுப் பக்கத்தின் அடியிலும் தொடர்புடைய தேடல்கள் இருக்கும். கூகுளின் நீங்கள் சொந்தக் கணக்கில் உள்நுழையாத மறைநிலைச் சன்னலில் இதைச் செய்வது நல்லது. இல்லாவிட்டால் உங்கள் பழைய தேடல்களின் சாயல் அதில் படியும்.

கருவியைவிட நல்ல ஊற்று ஒன்று உண்டு: நர்சரி. செடி வாங்க வருகிறவர்கள் கடைக்காரரிடம் ‘மாவுப்பூச்சி’ என்று பெயர் சொல்லிக் கேட்பதில்லை. “செம்பருத்தில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு, என்ன பண்றது?” என்றுதான் கேட்பார்கள். பெயர் தெரியாதவர் கண்ணில் பட்டதைச் சொல்லித் தேடுகிறார். நிபுணரின் பெயருக்கும் தேடுபவரின் சொல்லுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியில்தான் பெரிய தளங்கள் கோட்டை விடுகின்றன. ஆசிரியை தன் நோட்டில் இப்படி எழுதிக்கொள்கிறார்: செம்பருத்தி மொட்டு உதிர்வது ஏன், செம்பருத்தி இலை மஞ்சளாவது ஏன், செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி போக, தொட்டியில் அடுக்குச் செம்பருத்தி பூக்கவில்லை.

அடுத்து, எத்தனை பேர் தேடுகிறார்கள்? கூகுள் விளம்பரக் கணக்கில் ‘கீவேர்ட் பிளானர்’ இலவசமாகக் கிடைக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காதவர்களுக்கு அது சரியான எண்ணைக் காட்டாது. 10 – 100, 100 – 1K என்று வீச்சாகத்தான் காட்டும். அதில் ‘காம்பெடிஷன்’ என்று ஒரு பத்தி இருக்கும். புதியவர்கள் அதைப் பார்த்து ‘லோ’ என்றிருந்தால் எளிது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது விளம்பரம் கொடுப்பவர்களிடையே உள்ள போட்டி. கட்டுரைகளுக்கு இடையே உள்ள போட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கட்டணக் கருவிகள் காட்டும் ‘டிஃபிகல்ட்டி’ எண்ணிலும் எச்சரிக்கை வேண்டும். உதாரணமாக, அஹ்ரெஃப்ஸ் கருவியின் எண், முதல் பத்துப் பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் இணைப்பு கொடுக்கின்றன என்பதை வைத்துக் கணக்கிடப்படுவது. அந்தப் பக்கங்கள் கேள்விக்குப் பதில் சொல்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது. தமிழில் நீண்ட தொடர்களுக்குப் பல சமயம் இக்கருவிகள் பூஜ்யம் என்றே காட்டும். தரவு போதவில்லை என்பதுதான் அதன் பொருளாக இருக்கலாம். கூகுளின் பரிந்துரையில் அந்தத் தொடர் வந்தால், தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பி எழுதலாம்.

போட்டியை அளக்கச் சிறந்த வழி, முதல் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பது. ஆசிரியை ‘செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி போக’ என்று தேடி, வரும் பத்து முடிவுகளையும் திறந்து படிக்கிறார். ஒன்றில் எல்லாச் செடிகளுக்கும் பொதுவான பூச்சி பற்றி எழுதியிருக்கிறது. செம்பருத்திக்கு ஒரு வரிதான். இன்னொன்று கேள்வி-பதில் தளத்தில் இரண்டு வரிப் பதில். மற்றொன்று பருத்தி விவசாயிகளுக்கான கையேடு. நடுவே தன்னைப் போன்ற ஒருவரின் சின்ன வலைப்பூவும் இருக்கிறது. இவை எல்லாம் நல்ல அறிகுறிகள். கடைசியில் சொன்னது எல்லாவற்றிலும் நல்லது. சின்னவர் ஒருவர் அங்கே நிற்க முடிகிறதென்றால் இன்னொருவரும் நிற்கலாம். தலைப்பிலேயே அந்தச் சொற்களை வைத்தவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க, கூகுளில் இப்படித் தட்டலாம்:

```
allintitle: செம்பருத்தி வெள்ளைப் பூச்சி
```

இது தோராயமான கணக்குதான். ஆனாலும் ஒன்றிரண்டு பக்கங்களே வந்தால், இந்தக் கேள்விக்கென்றே உட்கார்ந்து எழுதியவர்கள் குறைவு என்று தெரிந்துகொள்ளலாம்.

விலக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. முதல் பத்தும் செடி விற்கும் கடைகள் என்றால், தேடுபவர் வாங்க வந்தவர், படிக்க வந்தவர் இல்லை. பத்தும் காணொளி என்றால், எழுத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ‘செம்பருத்திப் பூ சர்க்கரை நோய்க்கு’ போன்ற தொடர் எளிதாகத் தோன்றலாம். உடல்நலம், பணம் பற்றிய தேடல்களில் கூகுள் நம்பகமான தளங்களுக்கு முன்னுரிமை தருகிறது. அங்கே தோட்டக்காரரின் வலைப்பூவுக்கு வேலை இல்லை.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பலர் `sembaruthi` என்றோ `semparuthi` என்றோ ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடி, முடிவுகளை ஒப்பிட வேண்டும். ஒரே பக்கங்கள் வந்தால் கவலையில்லை. வேறு வேறு வந்தால், தமிழ்க் கட்டுரையிலேயே அந்த எழுத்துக்கூட்டலை ஓரிடத்தில் இயல்பாகச் சேர்க்கலாம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு தொடரை மாதம் 50 பேர் தேடுகிறார்கள், அதில் 15 பேர் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். அற்பம் என்று தோன்றும். இப்படி 30 கட்டுரை இருந்தால் மாதம் 450 பேர். வருகிற ஒவ்வொருவரும் குறிப்பாக ஒன்றைக் கேட்டு வந்தவர். அந்தக் கட்டுரைகளை ஒன்றுக்கொன்று இணைத்தால், பூச்சிக்கு வந்தவர் மொட்டு உதிர்வதையும் படிப்பார்.

எழுதியபின் உண்மையைச் சொல்வது கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவி. உங்கள் பக்கம் எந்தத் தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதை அது காட்டும். இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதே நியாயம். ஒருமுறைகூடக் காட்டப்படவில்லை என்றால், பக்கம் கூகுளின் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். நிறையக் காட்டப்பட்டும் 60ஆவது இடம் என்றால், போட்டியைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது இடத்தில் இருந்தும் யாரும் சொடுக்கவில்லை என்றால், தலைப்பைத் திருத்துங்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியவை 8 முதல் 20 வரையிலான இடங்கள். அங்கே நீங்கள் நினைத்தே பார்க்காத தொடர்கள் கிடைக்கும். ஆசிரியையின் பூச்சிக் கட்டுரை ‘செம்பருத்தி செடியில் எறும்பு’ என்ற தேடலில் 14ஆவது இடத்தில் தெரிகிறது என்று வைப்போம். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வருகின்றன, அந்தப் பூச்சிகளை எதிரிகளிடமிருந்து காக்கவும் செய்கின்றன. எறும்பை விரட்டாமல் பூச்சி போகாது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிதான் இருந்தது. அதை ஒரு பகுதியாக விரித்து எழுதினால், அடுத்த மாதம் அந்த 14 எங்கே நகர்ந்தது என்று பார்க்கலாம்.

‘மாடித்தோட்டம்’ கட்டுரையை அழிக்க வேண்டியதில்லை. செம்பருத்திக் கட்டுரைகளிலிருந்து அதற்கு இணைப்பு கொடுத்துவிட்டு, அதை அங்கேயே இருக்க விடுங்கள். அடுத்த தலைப்பைத் தேடிக் கணினி முன் உட்காருவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சரியில் அரை மணி நேரம் நின்று, வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.