முயல் ஏன் ஆமையைத் தாண்டிக் குதிக்க முடியாது?

பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றில் பத்துப் பாடல்கள் வரிசையில் நிற்கின்றன. நான்காவது பாடலைக் கடைசிக்கு இழுத்துவிடுகிறீர்கள். பத்தாவது முடிந்ததும் நான்காவது வருகிறது, சரிதான். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து, ஆறு, ஏழு என்று மறுபடியும் ஓடி, பத்து முடிந்ததும் திரும்ப நான்கு. நிறுத்தும்வரை நிற்காது.

இத்தகைய வரிசையை நிரலாளர்கள் லிங்க்டு லிஸ்ட் என்ற அமைப்பில் வைப்பதுண்டு. ஒவ்வொரு பாடலும் ஒரு கணு. தனக்கு அடுத்த கணு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கடைசிக் கணுவுக்கு அடுத்தது எதுவும் இல்லை. நான்கைக் கடைசிக்கு நகர்த்த மூன்று மாற்றங்கள் வேண்டும்: மூன்று இனி ஐந்தைக் காட்ட வேண்டும், பத்து நான்கைக் காட்ட வேண்டும், நான்குக்குப் பின் ஒன்றுமில்லை என்றாக வேண்டும். நிரலை எழுதியவர் நடுவில் உள்ளதை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டார். நான்கு முதல் பத்து வரை ஏழு கணுக்கள் வளையமாகிவிட்டன.

இதை நிரலே எப்படிக் கண்டுபிடிக்கும்? பார்த்த கணுக்களையெல்லாம் குறித்துக்கொண்டே போனால், ஏற்கெனவே குறித்த கணு ஒன்று எதிர்ப்பட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்துப் பாட்டுக்கு இது போதும். பத்து லட்சம் கணுக்கள் என்றால் குறிப்பேடே பெரும் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

குறிப்பேடே வேண்டாத வழி ஒன்று உண்டு. அதை ராபர்ட் ஃபிளாய்டின் யோசனை என்று 1969-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியவர் டொனால்ட் க்னூத். ஆமை-முயல் முறை என்று பெயர். இரண்டு பாயிண்டர்கள் முதல் கணுவில் ஒன்றாகப் புறப்படும். ஒவ்வொரு சுற்றிலும் ஆமை ஒரு கணு நகரும், முயல் இரண்டு கணு. முயல் பட்டியலின் முடிவைத் தொட்டுவிட்டால் வளையம் இல்லை. இருவரும் ஒரே கணுவில் நின்றால் வளையம் உண்டு.

```python
def has_cycle(head):
    slow = fast = head
    while fast and fast.next:
        slow = slow.next
        fast = fast.next.next
        if slow is fast:
            return True
    return False
```

நம் பட்டியலில் ஓடவிடுவோம். மூன்று சுற்று முடிந்ததும் ஆமை நான்காவது கணுவில், அதாவது வளையத்தின் வாசலில் நிற்கிறது. முயல் ஏழாவதில். முயல் ஆமையைப் பிடிக்க எட்டு, ஒன்பது, பத்து, நான்கு என்று நாலு கணு முன்னே போக வேண்டும். அடுத்த சுற்றில் ஆமை ஐந்து, முயல் ஒன்பது, இடைவெளி மூன்று. பிறகு ஆறும் நான்கும், இடைவெளி இரண்டு. பிறகு ஏழும் ஆறும், ஒன்று. ஏழாவது சுற்றில் இரண்டும் எட்டாவது கணுவில்.

இரண்டு இரண்டாகத் தாவும் முயல் ஆமையைத் தாண்டிவிடாதா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். முயல் இரண்டு அடி நெருங்கும்போது ஆமை ஓரடி விலகுகிறது. எனவே இடைவெளி சுற்றுக்குச் சரியாக ஒன்று குறைகிறது. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்குவது பூஜ்ஜியத்தைத் தொடாமல் போக வழியில்லை. ஆமை வளையத்துக்குள் வரும்போது இடைவெளி வளையத்தின் நீளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே அது ஒரு முழுச் சுற்றை முடிக்குமுன் பிடிபட்டுவிடும். முயலை மூன்று மூன்றாகத் தாவவிட்டால் இடைவெளி இரண்டிரண்டாகக் குறையும். அப்போது ஒரு முறை தாண்டிப் போகவும் கூடும். முதல் கணுவில் சேர்ந்தே புறப்பட்டிருந்தால் பின்னால் எப்படியும் சந்திக்கும், ஆனால் வேகம் கூட்டியதில் பெரிய லாபமில்லை.

நிரலில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. புறப்படும்போது இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். நகர்த்துவதற்கு முன்பே ஒப்பிட்டால் எந்தப் பட்டியலிலும் வளையம் இருப்பதாகவே பதில் வரும். அடுத்து, ஒப்பிட வேண்டியது கணுவை, அதனுள் இருக்கும் பாட்டின் பெயரை அல்ல. ஒரே பாட்டை ஒருவர் இருமுறை சேர்த்திருக்கலாம், அது வளையமாகாது.

வளையம் எங்கே தொடங்குகிறது என்பதையும் இதே ஓட்டம் சொல்லிவிடும். ஒரு பாயிண்டரை எட்டாவது கணுவிலேயே விட்டு, மற்றொன்றை முதல் கணுவுக்குக் கொண்டுபோய், இரண்டையும் ஓரோர் அடியாக நடத்துங்கள். ஒன்று இரண்டு, மூன்று, நான்கு என்று வருகிறது; மற்றது ஒன்பது, பத்து, நான்கு என்று வருகிறது. இரண்டும் வாசலில் சந்திக்கின்றன. முயல் ஆமையைவிடக் கூடுதலாக நடந்தது முழு வளையங்களாகத்தான் இருக்க முடியும். அதன் நடை ஆமையின் நடையைப் போல இரு மடங்கு என்பதால், அந்தக் கூடுதலும் ஆமை நடந்த தூரமும் ஒன்றே. இங்கே அது ஏழு, ஒரு வளையம். ஆகவே எட்டாவது கணுவில் நிற்பவர் முதல் கணுவில் புறப்படுபவரைவிட முழு வளையம் முன்னால் இருக்கிறார். இருவரும் மூன்றடி வைத்ததும், ஒருவர் வாசலுக்கு முதல்முறை வருகிறார். மற்றவர் ஒரு சுற்றை முடித்து அங்கேயே வந்து நிற்கிறார்.

வாசல் நான்கு என்று தெரிந்ததும் பழுதும் தெரிந்துவிடுகிறது: அந்தக் கணுவை மூன்றும் காட்டுகிறது, பத்தும் காட்டுகிறது. பத்திலிருந்து வரும் இணைப்பை மட்டும் அறுத்தால் செயலி நிற்கும், ஆனால் பாட்டு கடைசிக்குப் போயிருக்காது. திருத்த வேண்டியது, பாடலை நகர்த்தும் பகுதியில் விட்டுப்போன அந்த இரண்டு வரிகளை.