ஒரு பெயர், இரண்டு காதுகள்

ரெட்மி ஏர்டாட்ஸை ரீசெட் செய்துவிட்டு புளூடூத் பட்டியலைத் திறந்தால் `Redmi AirDots_R` என்ற ஒரே பெயர்தான் வருகிறது. இடது காதைக் காணோம் என்று பலரும் பதறிப்போகிறார்கள். உண்மையில் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் இருப்பதுதான் சரி. `_L` என்று இன்னொன்றும் சேர்ந்து வந்தால்தான் சிக்கல்.

2019-இல் சீனாவில் வந்த மாடல் இது. இந்த வகை இயர்பட்களில் முதலில் இடதும் வலதும் தங்களுக்குள் கைகோத்துக்கொள்ளும். பிறகு ஒன்று தலைமை ஏற்று போனோடு பேசும். போனுக்குத் தெரிவது அந்த ஒன்றுதான்.

ரீசெட் செய்யும்போது போனின் நினைவோடு ஜோடியின் நினைவும் அழிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒன்றை மட்டும் கேஸிலிருந்து எடுத்தாலோ, போனின் புளூடூத் ஆன் ஆகி இருந்தாலோ, அது ஜோடியைத் தேடாமல் நேராகப் போனிடம் ஓடிவிடும். மற்றது அனாதையாக நிற்கும். பாட்டு ஒரு காதில் மட்டும் கேட்பது இதனால்தான். `_L`, `_R` இரண்டையும் தனித்தனியே இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு, அதனால் பலனில்லை. பெரும்பாலான போன்கள் பாட்டை ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான் அனுப்பும்.

ஆகவே போனிலிருந்து தொடங்க வேண்டும். பட்டியலில் உள்ள பழைய பெயர்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு புளூடூத்தை அணைத்துவிடுங்கள். வீட்டில் இந்த இயர்பட்டோடு பழகிய டேப்லெட் இருந்தால் அதிலும் அணைக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு இரண்டையும் கேஸிலிருந்து வெளியே எடுத்து, பட்டனை அழுத்தி ஆஃப் செய்யுங்கள். ஆஃப் ஆனபின் இரண்டின் பட்டனையும் சுமார் 15 விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி மினுங்கும். இரண்டிலும் அது தெரிய வேண்டும். ஒன்றில் மட்டும் தெரிந்தால் பாதி ரீசெட்தான் ஆகியிருக்கிறது.

அடுத்து இரண்டையும் கேஸில் வைத்து, ஒரே நேரத்தில் வெளியே எடுத்துச் சற்றுப் பொறுங்கள். ஒன்றின் விளக்கு மட்டும் வெள்ளையாக மினுங்கி, மற்றது அணைந்தால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகே புளூடூத்தை ஆன் செய்து, அந்த ஒற்றைப் பெயரைத் தொட்டு இணைக்க வேண்டும்.

இதெல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் கொஞ்சம் மாறும். ஆப்பிள் ஏர்பாட்ஸில் ரீசெட்டைக் கேஸிலிருந்தே செய்வதால் இரண்டும் சேர்ந்தே ரீசெட் ஆகின்றன; இந்தத் தொல்லை அங்கே குறைவு.

இரண்டு முறை முயன்றும் ஒன்றில் விளக்கே எரியவில்லையென்றால், அது கேஸில் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். உலோகப் புள்ளிகளில் காதழுக்கும் வியர்வையும் படிந்திருக்கலாம். உலர்ந்த பஞ்சால் துடைத்து, சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் எரியாவிட்டால் பேட்டரி போயிருக்க வாய்ப்பு அதிகம். அதை எந்த ரீசெட்டாலும் சரிசெய்ய முடியாது.