ஷார்ட் ஆனால் எத்தனை ஆம்பியர்?

துணைமின் நிலையத்தில் நிற்கும் சர்க்யூட் பிரேக்கரின் பெயர்ப்பலகையில் 31.5 கிலோஆம்பியர், 40 கிலோஆம்பியர் என்று ஓர் எண் பொறித்திருக்கும். ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது பாயும் மின்னோட்டம் அந்த அளவுக்குள் இருந்தால் பிரேக்கர் அதை அறுத்துவிடும். மிஞ்சினால் அறுக்க முடியாமல் திணறும். வெடித்துச் சிதறவும் கூடும். அதனால் பிரேக்கருக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே, அந்த இடத்தில் ஷார்ட் ஆனால் எத்தனை ஆம்பியர் பாயும் என்று கணக்குப் போட்டாக வேண்டும். ஓரிடத்துக்கு மட்டும் போதாது, கிரிட்டில் உள்ள எல்லா பஸ்ஸுக்கும் வேண்டும்.

பஸ் என்பது, துணைமின் நிலையத்துக்கு வரும் லைன்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் வந்து சேரும் பொதுக் கம்பி. தடித்த அலுமினியக் குழாயாகவோ முறுக்குக் கம்பியாகவோ தலைக்கு மேலே ஓடும். முதல் கணக்கு, அங்கே மூன்று ஃபேஸும் ஒரே நேரத்தில் ஷார்ட் ஆனால் என்ன என்பது. நடைமுறையில் இது அபூர்வம்தான். ஆனால் வேலை முடித்தவர்கள் பாதுகாப்புக்காக மாட்டிய எர்த் ராடுகளைக் கழற்ற மறந்திருக்கும்போது லைனுக்கு சப்ளை கொடுத்தால் அச்சு அசலாக இதுதான் நடக்கும்.

ஒரு பஸ்ஸில் நின்று கிரிட்டைப் பார்த்தால், எத்தனை ஜெனரேட்டர், எத்தனை லைன் இருந்தாலும் சரி, அவை எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வோல்டேஜாகவும் அதன் பின்னால் ஒரே ஒரு இம்பீடன்ஸாகவும் தெரியும். கல்லூரியில் படித்த தெவனின் தேற்றம் சொல்வது அதைத்தான். வோல்டேஜை அந்த இம்பீடன்ஸால் வகுத்தால் ஷார்ட் மின்னோட்டம் வந்துவிடும். ஒரு பஸ்ஸுக்கு இதைக் கையால் போடலாம். நூறு பஸ்ஸுக்கு நூறு முறை முழு வலையையும் சுருக்கிப் பார்ப்பது யாராலும் ஆகாது. அதனால் 1920-களிலிருந்து கிரிட்டையே சிறிய மாதிரியாக மேசைமேல் கட்டி, ஒவ்வொரு முனையாக ஷார்ட் செய்து மீட்டரில் அளந்தார்கள். நெட்வொர்க் அனலைசர் என்று பெயர். ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். கணினி வந்த பிறகு, 1960-ல் அமெரிக்காவின் பிரவுன், பெர்சன், கிர்ச்மேயர், ஸ்டாக் ஆகிய நால்வர் ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லா பஸ்களின் இம்பீடன்ஸையும் ஒரே அணியில் வைத்து, அந்த அணியைக் கிரிட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டும் முறை அதில் இருந்தது. பொறியாளர்கள் அந்த அணியை இசட்-பஸ் என்பார்கள்.

எப்படிக் கட்டுவது? எண்கள் எளிதாக வரும்படி நானே அமைத்துக்கொண்ட ஒரு சின்னக் கிரிட்டில் பார்ப்போம். மூன்று 110 கிலோவோல்ட் பஸ்கள். 1-ல் ஒரு மின் நிலையம். 2-ல் ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் துணைமின் நிலையம். 3-ல் இப்போதைக்கு ஒன்றுமில்லை. பின்னால் ஒரு சிறிய எரிவாயு மின் நிலையம் வரப்போகிறது. இம்பீடன்ஸில் தடையின் பங்கு குறைவு என்பதால் ரியாக்டன்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அளவு ‘பெர் யூனிட்’டில். 100 எம்.வி.ஏ.வை அடிப்படையாகக் கொண்டால், 110 கிலோவோல்ட்டில் இம்பீடன்ஸின் ஒரு யூனிட் 121 ஓம். மின்னோட்டத்தின் ஒரு யூனிட் சுமார் 525 ஆம்பியர். 0.2 யூனிட் உள்ள லைன் என்றால் 24 ஓம், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம்.

முதலில் வைக்க வேண்டியது பூமியைத் தொடும் உறுப்பு. 1-ஆம் பஸ்ஸின் ஜெனரேட்டரும் அதன் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து 0.2. அணியில் இப்போது ஒரே எண். அடுத்து 1-லிருந்து 2-க்கு 0.2 உள்ள லைன். 2 புதிய பஸ். அதற்குப் போக வேண்டுமானால் 1 வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே 1-ன் நிரையையும் நிரலையும் அப்படியே 2-க்கு நகல் எடுத்துவிட்டு, மூலைவிட்டத்தில் மட்டும் லைனின் 0.2-ஐக் கூட்டினால் போதும்: 0.4. இதே மாதிரி 1-லிருந்து 3-க்கு 0.4 உள்ள லைன் போட்டால் 3-ன் மூலைவிட்ட எண் 0.6. மற்ற இடங்களில் எல்லாம் 0.2.

இதுவரை வெறும் கூட்டல். நான்காவது உறுப்பில்தான் வேலை இருக்கிறது. 2-க்கும் 3-க்கும் நடுவே 0.2 லைன்; இரண்டு பஸ்ஸும் ஏற்கெனவே அணியில் உள்ளவை. புதிய பஸ் கிடையாது, ஆனால் ஒரு வளையம் மூடுகிறது. அதனால் அணி பெரிதாகாது, உள்ளே இருக்கும் எண்கள் மாறும். 2-ன் நிரலிலிருந்து 3-ன் நிரலைக் கழித்தால் 0, 0.2, −0.4 என்று மூன்று எண்கள் கிடைக்கும். வளையத்தின் இம்பீடன்ஸ், புதிய லைனோடு சேர்த்து, 0.2 + 0.4 + 0.6 − 2 × 0.2 = 0.8. இனி அணியின் ஒவ்வொரு எண்ணிலிருந்தும், அந்தந்த நிரைக்கும் நிரலுக்கும் உரிய இரண்டு எண்களைப் பெருக்கி 0.8-ஆல் வகுத்ததைக் கழிக்க வேண்டும். 2-ன் மூலைவிட்டம்: 0.4 − (0.2 × 0.2 ÷ 0.8) = 0.35. 3-ன் மூலைவிட்டம் 0.6-லிருந்து 0.4 ஆகிறது. சரிதானா என்று பள்ளிக்கூடக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 3-க்கு இப்போது இரண்டு வழிகள், இரண்டும் 0.4, இணையாகச் சேர்ந்தால் 0.2, அதோடு ஜெனரேட்டரின் 0.2. மொத்தம் 0.4.

கடைசியாக 3-ல் எரிவாயு நிலையம், பூமிக்கு 0.4. இதுவும் வளையம் மூடுவதுதான். மறுமுனை பூமி என்பதால் 3-ன் நிரலைக் கழிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முடிவில் நிற்கும் அணி இது:

```
0.150   0.125   0.100
0.125   0.2375  0.150
0.100   0.150   0.200
```

மூலைவிட்டத்தில் உள்ள எண்கள்தான் அந்தந்த பஸ்ஸிலிருந்து தெரியும் இம்பீடன்ஸ். ஷார்ட்டுக்கு முன் வோல்டேஜ் எங்கும் 1 யூனிட் என்று வைத்து, ஒன்றை இவற்றால் வகுத்தால் வேலை முடிந்தது. 1-ஆம் பஸ்ஸில் 6.67 யூனிட், அதாவது 3,500 ஆம்பியர். 2-ல் 4.21 யூனிட், 2,210 ஆம்பியர். 3-ல் 5 யூனிட், 2,624 ஆம்பியர். எரிவாயு நிலையம் வருவதற்கு முன் 3-ல் இருந்தது 2.5 யூனிட்தான், ஒரே உறுப்பைச் சேர்த்ததில் இரண்டு மடங்கு. அந்த நிலையத்தோடு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும் 1-ஆம் பஸ்ஸிலும் 5 யூனிட் 6.67 ஆகியிருக்கிறது. புதிய மின் நிலையம் விண்ணப்பம் போட்டதும் பக்கத்துத் துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களையும் திரும்பப் பார்ப்பது இதனால்தான். புதிய துணைமின் நிலையத்தின் ஷார்ட் மின்னோட்டம் அதன் தாங்குதிறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் திட்ட வழிகாட்டி சொல்வதும் பின்னால் வரப்போகிறவற்றுக்கு இடம் விடத்தான்.

மூலைவிட்டத்துக்கு வெளியே இருக்கும் எண்களை அலட்சியம் செய்கிறவர்கள் உண்டு. என் கணக்கில் பாதிச் சரக்கு அங்கேதான் இருக்கிறது. 2-ல் ஷார்ட் ஆனால் 2-ல் வோல்டேஜ் பூஜ்யம்; அந்த நேரம் 1-ல் எவ்வளவு நிற்கும்? 0.125-ஐ 0.2375-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.474. 3-ல் இதே மாதிரி 0.368. இரண்டு பஸ்ஸின் வோல்டேஜ் தெரிந்தால் நடுவே உள்ள லைனின் மின்னோட்டமும் தெரிந்துவிடும்: 1-லிருந்து 2-க்கு 0.474 ÷ 0.2 = 2.37, 3-லிருந்து 1.84. கூட்டினால் 4.21. மூலைவிட்டம் சொன்னதும் அதேதான். இந்தக் கூட்டல் சரிவரவில்லை என்றால் எங்கோ ஓர் எண் பிசகியிருக்கிறது. பிரேக்கருக்கு பஸ்ஸின் மொத்த மின்னோட்டம் போதும். லைன் முனையில் உட்கார்ந்திருக்கும் ரிலேவுக்கு இந்தப் பங்குகள்தான் வேண்டும்.

ரிலேவுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு என்பது பிரேக்கரின் கேள்வி. குறைந்தபட்சம் எவ்வளவு என்பது ரிலேவின் கேள்வி. 1-க்கும் 2-க்கும் நடுவே உள்ள லைனைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அணியை முதலிலிருந்து கட்ட வேண்டியதில்லை. அதே இடத்தில் −0.2 உள்ள ஒரு லைனை இணையாகச் சேர்த்தால் இரண்டும் அடிபட்டுப்போகும். வளையம் மூடும் அதே கணக்கைப் போட்டால் 2-ன் எண் 0.2375-லிருந்து 0.44-க்கு ஏறுகிறது, மின்னோட்டம் 2,210-லிருந்து சுமார் 1,190 ஆம்பியருக்கு இறங்குகிறது. 1,500 ஆம்பியரில் இயங்கும்படி செட் செய்த ரிலே ஒன்று அங்கே இருந்தால், அன்றைக்கு ஷார்ட் ஆனாலும் அது அசையாது.

தவறு நேர்ந்தால் பிடிக்க இரண்டு வழிகளை நான் பெரிதும் நம்புகிறேன். ரியாக்டன்ஸ் மட்டும் உள்ள இந்த மாதிரிக் கணக்கில், லைன் அல்லது ஜெனரேட்டர் சேர்த்து வளையம் மூடினால் மூலைவிட்ட எண் எதுவும் ஏறக் கூடாது. ஏறியிருந்தால் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறோம். அடுத்தது, அணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 1-2 இடத்தில் உள்ளது 2-1 இடத்திலும் இருக்க வேண்டும். இதிலும் பிடிபடாத ஒரு பிழை, டிரான்ஸ்ஃபார்மரின் சதவீத இம்பீடன்ஸை அதன் சொந்த எம்.வி.ஏ.விலிருந்து 100-க்கு மாற்றாமல் விடுவது. 50 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் 12 சதவீதத்தை 0.24 என்று போடாமல் 0.12 என்றே போட்டால் அணி அழகாகத்தான் வரும். விடைதான் தப்பு.

பெரிய கிரிட்டில் இந்த அணிக்கு ஒரு சங்கடம் உண்டு. பூஜ்யமே இல்லாமல் முழுக்க நிரம்பியது இது. 5,000 பஸ் என்றால் 2.5 கோடி எண்கள். அதனால் இன்றைய மென்பொருள்கள், பெரும்பாலும் பூஜ்யங்களே நிறைந்த ஒய்-பஸ் என்னும் தலைகீழ் அணியைக் காரணிப்படுத்தி வைத்துக்கொண்டு, இசட்-பஸ்ஸில் தேவையான நிரலை மட்டும் எடுக்கின்றன. உள்ளே ஓடும் கருத்து மாறவில்லை.

ஒரே ஃபேஸ் பூமியைத் தொடும் ஷார்ட்தான் அன்றாடம் நடப்பது. அதற்கு இந்த ஓர் அணி போதாது. நெகட்டிவ், ஜீரோ சீக்வென்ஸுக்கும் ஆளுக்கொன்று கட்ட வேண்டும். ஜீரோ சீக்வென்ஸில் டிரான்ஸ்ஃபார்மரின் டெல்டா சுற்று மின்னோட்டத்தைத் தாண்ட விடாது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு லைன்கள் ஒன்றையொன்று பாதிக்கும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு அருகில், இந்த ஒற்றை ஃபேஸ் மின்னோட்டம் மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தையே மிஞ்சிவிடுவதும் உண்டு.

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் பெருகியிருக்கும் சூரிய மின் நிலையங்கள் வேறொரு சிக்கல். அவற்றின் இன்வெர்ட்டர்கள், வோல்டேஜும் அதன் பின்னால் ஓர் இம்பீடன்ஸும் என்ற வார்ப்புக்குள் அடங்குவதில்லை. ஷார்ட் ஆனாலும் தம் முழுத்திறன் மின்னோட்டத்தைப் போல 1.1, 1.2 மடங்குக்கு மேல் தராமல் உள்ளிருக்கும் கட்டுப்பாடு நிறுத்திவிடும். பூமிக்கு ஒரு எண் என்று அவற்றை அணியில் நுழைக்க முடியாது. அணியை மற்ற ஜெனரேட்டர்களுக்குக் கட்டி, அதிலிருந்து இன்வெர்ட்டர் முனையின் வோல்டேஜைக் கண்டு, அந்த வோல்டேஜில் இன்வெர்ட்டர் எவ்வளவு மின்னோட்டம் தள்ளும் என்று பார்த்து, அதைச் சேர்த்து வோல்டேஜை மறுபடி கணக்கிட வேண்டும். இரண்டு சுற்றுகளின் விடைகளுக்கு நடுவே வித்தியாசம் இல்லாமல் போகும்வரை இப்படியே.