"காசு இல்ல ப்ரோ, ஆனா நல்ல ரீச் கிடைக்கும்"னு கேட்டா என்ன பதில் அனுப்பலாம்?

வேலைக்குப் போய்க்கிட்டே சைடுல எடிட்டிங், டிசைன், போட்டோகிராஃபி பண்றவங்க எல்லாருக்கும் ஒரு தடவையாவது இந்த மெசேஜ் வந்திருக்கும். "பேமெண்ட் பண்ற நிலைமைல இப்போ இல்ல ப்ரோ. ஆனா எங்க பேஜ்ல உங்களை டேக் பண்றோம், செம ரீச் கிடைக்கும்."

இதுக்கு நம்ம ஆட்கள் ரெண்டு விதமா பதில் சொல்றாங்க. ஒண்ணு, மனசுக்குள்ள திட்டிக்கிட்டே "சரி ப்ரோ"ன்னு ஒத்துக்கறது. இல்லைன்னா, ப்ளூ டிக் மட்டும் விட்டுட்டு பதிலே போடாம இருக்கறது. ரெண்டுலயும் காசு வராது. மூணாவதா ஒரு வழி இருக்கு. நேரடியா "முடியாது"ன்னு சொல்றதுக்குப் பதிலா ஒரு விலையையும் சில நிபந்தனைகளையும் மரியாதையா அனுப்பிடறது. அதை எப்படிப் பண்றதுன்னு ஒரு உதாரணத்தை வெச்சே முழுசா பார்ப்போம்.

நீங்க கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில வேலை பார்க்கறீங்க, கைக்கு வர்ற சம்பளம் 36,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். வீடியோ எடிட்டிங் நல்லா வரும், சின்ன கடைகளுக்கு ரீல்ஸ் பண்ணிக் கொடுத்த அனுபவம் இருக்கு. புதுசா ஒரு கஃபே திறந்திருக்கறவர், ஒரு மாசத்துக்கு 8 ரீல்ஸ் எடுத்துத் தரச் சொல்றார். காசு கிடையாது, 40,000 ஃபாலோயர்ஸ் இருக்கற பேஜ்ல டேக் மட்டும்.

முதல்ல இந்த வேலை எவ்வளவு நேரம் தின்னும்னு எழுதிப் பாருங்க. பேசறது, கடையைப் போய்ப் பார்க்கறது 3 மணி நேரம். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை காலைல ஷூட், ஒவ்வொண்ணும் 4 மணி நேரம்னா 8. எடிட்டிங் ஒரு ரீலுக்கு 2 மணி நேரம்னு பிடிச்சா 16. அப்புறம் "அந்த பாட்டை மாத்துங்க, லோகோவைப் பெருசாக்குங்க"ன்னு வர்ற திருத்தங்களுக்கு ஒரு 5. ஆக மொத்தம் 32 மணி நேரம். பெரும்பாலானவங்க அந்த 16ஐ மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க. மீதிப் பாதி கண்ணுக்கே தெரியாம போயிடும்.

அடுத்தது உங்க மணி நேரத்தோட விலை. மாசம் 22 நாள், நாளைக்கு 8 மணி நேரம்னா 176 மணி நேரம். 36,000ஐ அதால வகுத்தா சுமார் 205 ரூபாய். ஆனா இதையே ரேட்டா வெச்சுடாதீங்க. ஆபீஸ்ல லேப்டாப், நெட், கரண்ட் எல்லாம் அவங்க செலவு. லீவு எடுத்தாலும் சம்பளம் வருது, பி.எஃப். போகுது. இங்க எல்லாமே உங்க தலைல. அதுவும் நீங்க கொடுக்கறது ஓய்வு எடுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையை. அதனால சம்பள ரேட்டை ரெண்டு மடங்கா வைங்கன்னு நான் சொல்வேன். இது சட்டம் இல்ல, என்னோட கைக்கணக்கு. சுமார் 400 ரூபாய்னு வைங்க. 32 மணி நேரத்துக்கு 12,800. மைக், லைட் வாடகை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு 1,200. மொத்தம் 14,000. இதுதான் உங்க அடிமட்ட விலை, இதுக்குக் கீழ இறங்கக் கூடாது. கேட்கற விலை 16,000, அதாவது ரீலுக்கு 2,000.

சரி, அந்த டேக் மூலமா ஆர்டர் வந்துட்டா? இந்த இடத்துலதான் நிறைய பேர் மனசு இளகிடறாங்க. நல்லபடியாவே நினைப்போம். அந்த டேக்கைப் பார்த்து இன்னொரு கடைக்காரர் வர்றார், முழு 16,000 ரூபாய் கொடுக்கறார். ஆனா அந்தப் பணம் அவரோட வேலைக்கான கூலி. அதுக்கும் நீங்க இன்னொரு 32 மணி நேரம் உழைக்கணும். ரெண்டு வேலையும் சேர்த்து 64 மணி நேரம், செலவு 2,400 போக கைல நிக்கறது 13,600. மணிக்கு சுமார் 212 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போய், கடைசியில உங்க ஆபீஸ் சம்பள ரேட்டுக்கே வந்து நிக்கறீங்க. இதுவும் ஆர்டர் வந்தா மட்டும்தான். கஃபே பேஜை ஃபாலோ பண்றவங்க காபி, கேக் தேடற ஆட்கள். எடிட்டர் தேடற ஆட்கள் அதுல எத்தனை பேர் இருப்பாங்க?

சந்தேகமா இருந்தா அவர்கிட்டயே கேட்டுடலாம், தப்பில்ல: "இதுக்கு முன்னாடி உங்களுக்கு வீடியோ பண்ணவங்க யாருங்க? அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?" அவங்களுக்கு டேக்னால எத்தனை ஆர்டர் வந்துச்சுன்னு ஒரே போன்ல தெரிஞ்சுடும்.

ஒண்ணு சொல்லணும். இப்படிக் கேட்கறவங்க எல்லாரும் ஏமாத்தறவங்க இல்ல. அட்வான்ஸ், இன்டீரியர், மெஷின்னு எல்லாத்துக்கும் காசு ஒதுக்கினவர், வீடியோவுக்கு ஒதுக்கவே மறந்திருப்பார். அதனால கோபமா பேச வேண்டாம். இப்படி அனுப்புங்க:

"வணக்கம்ங்க அண்ணா. என்னை நினைச்சு கூப்பிட்டதுக்கு நன்றி, கடை ரொம்ப நல்லா வந்திருக்கு. இந்த மாதிரி வேலையை நான் கட்டணத்துக்குத்தான் பண்றேங்க. 8 ரீல்ஸுக்கு 16,000 ரூபாய் ஆகும். ரெண்டு நாள் ஷூட், எடிட்டிங், ஒவ்வொரு ரீலுக்கும் ரெண்டு தடவை திருத்தம் எல்லாம் இதுலயே அடக்கம். பாதி முன்பணம் வந்ததும் ஷூட் தேதி உறுதி பண்ணிக்கலாம். வாட்டர்மார்க் போட்ட வீடியோ பார்த்து நீங்க ஓகே சொல்லி, மீதியைக் கொடுத்த அன்னைக்கே ஒரிஜினல் ஃபைல் அனுப்பிடறேன். இந்த விலை வர்ற 15ஆம் தேதி வரைக்கும். பட்ஜெட் இதுக்குள்ள வரலைன்னா சொல்லுங்க, எண்ணிக்கையைக் குறைச்சுப் பார்க்கலாம்."

இதுல "சாரி" எங்கயும் இல்ல, கவனிச்சீங்களா? "ஆபீஸ்ல வேலை ஜாஸ்திங்க"ன்னு சாக்கும் இல்ல. சாக்கு சொன்னா அவர் "பரவால்ல ப்ரோ, மெதுவா அடுத்த மாசம் பண்ணுங்க"ன்னு சொல்லிடுவார், நீங்க மாட்டிக்குவீங்க. காரணம் நேரம் இல்லைங்கறது இல்லையே, காசு இல்லைங்கறதுதானே. திருத்தத்துக்கு எண்ணிக்கை போட்டதும் ரொம்ப முக்கியம். அது இல்லைன்னா 5 மணி நேரம்னு நினைச்சது 15 ஆகும், உங்க 400 ரூபாய் தானா கரைஞ்சுடும். மூணாவது திருத்தம் கேட்டா 300 ரூபாய்னு முன்னாடியே சொல்லிடுங்க.

அவர்கிட்ட இருந்து அநேகமா இப்படித்தான் பதில் வரும்: "முதல் மாசம் மட்டும் ஃப்ரீயா பண்ணுங்க ப்ரோ, அடுத்த மாசத்துல இருந்து பேசிக்கலாம்." விலையைக் குறைக்காதீங்க, வேலையைக் குறைங்க. ஒரே நாள் ஷூட், 3 ரீல்ஸ். ஷூட் 4 மணி நேரம், எடிட்டிங் 6, பேச்சுக்கும் திருத்தத்துக்கும் 4. ஆக 14 மணி நேரத்துக்கு 5,600, செலவு 600, மொத்தம் 6,200. 6,500 கேளுங்க. ஒரு ரீல் விலை 2,000ல இருந்து 2,167 ஆகுதேன்னு அவர் கேட்டா, ஷூட்டுக்கு வந்து போற நேரம் 3 ரீலுக்கும் 8 ரீலுக்கும் அதே விகிதத்துல குறையாதுங்கன்னு சொல்லலாம். தள்ளுபடி கொடுக்கணும்னா கடைசியில வைங்க: "தொடர்ந்து மூணு மாசம் பண்ணா, மூணாவது மாச பில்லுல 10% குறைச்சுக்கறேங்க." முதல் மாசமே ஃப்ரீயா கொடுத்தா, அவர் மனசுல உங்க விலை பூஜ்யம்னு பதிஞ்சுடும். அங்கிருந்து மேல ஏத்தறது ரொம்பக் கஷ்டம்.

"காசுக்குப் பதிலா 8,000 ரூபாய்க்கு சாப்பாட்டுக் கூப்பன் தரேன்"னு சொன்னா? அந்தக் கடைல நீங்க எப்படியும் எவ்வளவு செலவு பண்ணியிருப்பீங்களோ, அதுதான் உங்களுக்கு அந்தக் கூப்பனோட மதிப்பு. மாசம் 400 ரூபாய்க்கு காபி குடிக்கறவருக்கு 8,000 ரூபாய் கூப்பன்ங்கறது 20 மாசக் காபி. பெட்ரோல் பங்க்ல அதைக் காட்ட முடியாது.

முன்பணம் கேட்டதும் பேச்சு நின்னுடுச்சுன்னா வருத்தப்படாதீங்க. 3,250 ரூபாய் இப்போ தர மனசில்லாதவர், வேலை முடிஞ்சப்புறம் 6,500 தருவார்னு எதிர்பார்க்க முடியாது. "ஒரே ஒரு சாம்பிள் மட்டும்"னு கேட்டா, பழைய வேலையோட லிங்க்கை அனுப்புங்க.

இப்போ பலர் யோசிக்காத ஒரு விஷயம். அந்த "ரீச்" உங்க ஆபீஸ் வரைக்கும் போகும். வெளி வேலை செய்யக் கூடாது, செஞ்சா அனுமதி வாங்கணும்னு நிறைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல ஒரு வரி இருக்கு. உங்களோடதை எடுத்துப் படிச்சுட்டு அப்புறம் விலை பேசுங்க. அனுமதி கேட்க வேண்டியிருந்தா எச்.ஆருக்கு மெயில்ல கேளுங்க, பதிலும் மெயில்லயே இருக்கட்டும். அனுமதி இல்லாத நிலைல டேக் பண்ணச் சொல்றது, நீங்களே ஆதாரம் கொடுக்கற மாதிரி.

வரியையும் மறக்க வேண்டாம். யூபிஐல வந்தாலும் இது தொழில் வருமானம்தான். தொழில் வருமானம் இருந்தா வழக்கமா போடற ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4 போடணும். அதனால பில், மைக் வாடகை ரசீது எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.

வாட்ஸ்அப்லயே இன்னொரு வரியும் எழுதி வாங்கிடுங்க: "இந்த வீடியோக்களை என் போர்ட்ஃபோலியோவில் காட்டிக்கலாம்." காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வீடியோவோட முதல் உரிமை, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, எடுக்கச் சொன்னவருக்குத்தான்னு 1957ஆம் வருஷ பதிப்புரிமைச் சட்டத்தோட 17ஆவது பிரிவு சொல்லுது. அந்த ஒரு வரி கைல இருந்தா, அவர் டேக் பண்ணாட்டியும் உங்க வேலையை நீங்களே நாலு பேருக்குக் காட்டிக்கலாம்.

கடைசியா சொந்தக்காரங்க விஷயம். மாமா கடை திறக்கறார், சித்தி பொண்ணு கல்யாணம், இதுக்கெல்லாம் விலைப்பட்டியல் நீட்ட முடியாது, நீட்டவும் வேண்டாம். ஆசைப்பட்டா ஃப்ரீயா பண்ணுங்க. ஆனா ஒரு பில் போட்டு அனுப்புங்க: "3 ரீல்ஸ் – 6,500 ரூபாய். மாமாவுக்கு அன்பளிப்பு – 6,500 ரூபாய். செலுத்த வேண்டியது – 0." பக்கத்துக் கடைக்காரர் மாமாகிட்ட "இதை யார் பண்ணாங்க, எவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்கும்போது, மாமா வாயில இருந்து "சும்மாதான் பண்ணான்"னு வராது, 6,500னு வரும்.