நூற்று நாற்பது நாள்கள்

நுழையும்முன்

பள்ளியில் பாடவேளை அட்டவணை, திருப்புதல் தேர்வு, விடைத்தாள் திருத்தம் ஆகியவற்றைப் பிறர் நமக்காக வகுத்துத் தருகின்றனர். பள்ளிக்கு வெளியே ஒரு தொழில்முறைத் தேர்வுக்குத் தாமாகவே படிப்போர் இம்மூன்றையும் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழியை ஒரு தேர்வை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

இலக்கைக் கணக்கிடுதல்

1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்கீழ் அமைந்தது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். அது நடத்தும் தேர்வுகளுள் முதற்படி, அடிப்படை நிலைத் தேர்வு ஆகும். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் இதனை எழுதலாம். கணக்கியல், வணிகச் சட்டங்கள், அளவறி திறன், வணிகப் பொருளியல் என்னும் நான்கு தாள்களுக்கும் தலா 100 மதிப்பெண்கள். முதலிரண்டும் மூன்று மணி நேரம் விரிவாக விடை எழுதும் தாள்கள். பின்னிரண்டும் இரண்டு மணி நேரத்தில் சரியான விடையைத் தெரிவுசெய்யும் தாள்கள். இவற்றில் ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் குறையும்.

திட்டம் தீட்டுமுன் தேர்ச்சி விதியை ஊன்றிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண்ணும், நான்கு தாள்களிலும் சேர்த்து 200 மதிப்பெண்ணும் பெற வேண்டும் என்பது அவ்விதி. நான்கிலும் 40 பெற்றவரின் கூடுதல் 160 மட்டுமே. அவர் தேர்ச்சி பெறமாட்டார். மூன்று தாள்களில் 70 பெற்று நான்காவதில் 38 பெற்றவரும் தேர்ச்சி பெறமாட்டார். ஆகவே, திட்டம் இரண்டு வினாக்களுக்கு விடை கூற வேண்டும். 40ஐத் தொடாமல் போகக்கூடிய தாள் எது? குறைந்தபட்சத்திற்கு மேல் வேண்டிய 40 மதிப்பெண்ணை எந்தத் தாள் ஈட்டித் தரும்?

தமிழ்வழியில் வணிகவியல் பயின்ற ஒரு மாணவியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரல் மாத இறுதியில் படிக்கத் தொடங்கி, செப்டம்பரில் தேர்வெழுத அவர் விரும்புகிறார். கையில் இருப்பவை 20 வாரங்கள், அதாவது 140 நாள்கள். கணக்கியலும் பொருளியலும் அவருக்குப் பழக்கமானவை. இத்தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத இயலும் என்பதால், விரிவாக எழுத வேண்டிய சட்டத்தாள் அவருக்குக் கடினமானது. இவற்றைக் கருதி, கணக்கியலில் 60, சட்டத்தில் 45, அளவறி திறனில் 50, பொருளியலில் 60 என இலக்கு வகுக்கிறார். கூட்டுத்தொகை 215. தேவைக்கு மேல் உள்ள 15 மதிப்பெண், தேர்வறையில் நேரும் சறுக்கல்களுக்கான இடமாகும்.

நேரத்தை அளத்தல்

நாள்தோறும் ஆறு மணி நேரம் படித்தால் வாரத்திற்கு 42 மணி நேரம் கிடைக்கும் என்பது அம்மாணவியின் முதல் எண்ணம். இத்தகைய மதிப்பீடுகள் பெரும்பாலும் பிழைபடுகின்றன. தானியேல் கானமன், ஆமோசு துவெர்ச்கி ஆகிய உளவியலாளர்கள் 1979இல் இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டனர். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தம் ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாள்களில் முடிப்போம் என மதிப்பிட்டனர்; உண்மையில் ஏறத்தாழ 55 நாள்கள் ஆயின. வேலை எவ்வளவு இருக்கிறது என்பதை எண்ணிய அளவிற்கு, முன்பு எவ்வளவு காலம் பிடித்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்பிழைக்கு மாற்று, அளந்து பார்த்தலாகும். முதல் வாரத்தில் எதையும் மாற்றாமல், புத்தகத்தைத் திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் குறித்துக்கொண்டாலே போதும். மாணவியின் குறிப்பேடு 27 மணி நேரத்தைக் காட்டுகிறது. மாலையில் குடும்பக் கடையில் உதவிய நேரமும் விருந்தினர் வந்த நாளும் அதில் தெரிகின்றன. அவற்றை ஒழிக்க இயலாது. எனவே எதிர்பாராத தடைகளுக்கு மூன்று மணி நேரம் விட்டு, வாரத்திற்கு 24 மணி நேரம் என முடிவு செய்கிறார்.

பின்னர் 20 வாரங்களையும் பகுக்கிறார். கடைசி நான்கு வாரங்கள் திருப்புதலுக்கும் முழு மாதிரித் தேர்வுகளுக்கும் உரியவை. முதல் 16 வாரங்கள், நான்கு வாரம் கொண்ட நான்கு கட்டங்களாகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று வாரங்கள் புதிய பாடம். நான்காம் வாரம் தேர்வு, விடை ஆய்வு, விடுபட்ட பாடம் ஆகியவற்றுக்கு உரியது. ஆகவே, புதிய பாடத்திற்குக் கிடைப்பவை 12 வாரங்களே, மணிக்கணக்கில் 288. வாரத்தின் 24 மணி நேரத்தைக் கணக்கியலுக்கு 8, சட்டத்திற்கு 5, அளவறி திறனுக்கு 7, பொருளியலுக்கு 4 எனப் பிரிக்கிறார்.

மைல்கல் என்பது எது?

'இம்மாத இறுதிக்குள் ஒப்பந்தச் சட்டத்தை முடித்துவிடுவேன்' என்பது மைல்கல் ஆகாது. 'முடித்தல்' என்பது ஒருமுறை படித்தலா, நினைவில் நிறுத்துதலா, விடை எழுதுதலா என்பது அதில் தெளிவாக இல்லை. 'நான்காம் வார வெள்ளிக்கிழமை, படித்த பாடங்களிலிருந்து 100 மதிப்பெண் வினாத்தாளை, புத்தகத்தைப் பாராமல் மூன்று மணி நேரத்தில் எழுதி 45 பெறுவேன்' என்பதே மைல்கல். அதனை எட்டினோமா இல்லையா என்பதில் ஐயத்திற்கு இடமிராது.

இங்கு ஒரு நுட்பமும் உண்டு. அண்மையில் படித்தவற்றிலிருந்து மட்டும் தேர்வு வைத்தால் மதிப்பெண் உயர்வாகவே வரும். கற்றவை காலப்போக்கில் மறதிக்கு உள்ளாவதை, செருமானிய உளவியலாளர் எர்மன் எபிங்கௌசு தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் பதிவு செய்தார். ஆதலால், இரண்டாம் கட்டம் முதல் ஒவ்வொரு தேர்விலும் மூன்றில் ஒரு பங்கு வினாக்களேனும் முந்தைய கட்டப் பாடங்களிலிருந்து இடம்பெற வேண்டும்.

மதிப்பாய்வு: மதிப்பெண்ணிலிருந்து காரணத்திற்கு

முதற்கட்ட முடிவில் மாணவி பெற்ற மதிப்பெண்கள்: கணக்கியல் 62, சட்டம் 34, அளவறி திறன் 39, பொருளியல் 64. கூடுதல் 199. இரண்டு தாள்கள் 40க்குக் கீழே உள்ளன. 'இன்னும் கடினமாக உழைக்க வேண்டும்' என்று எழுதி முடித்தால் அது மதிப்பாய்வு ஆகாது. ஒவ்வொரு தவறுக்கும் காரணம் தேட வேண்டும்.

அளவறி திறன் தாளில் அவர் 84 வினாக்களுக்கு விடையளித்தார். 48 சரி, 36 தவறு. தவறுகளுக்காக 9 மதிப்பெண் குறைந்ததால் எஞ்சியது 39. அந்த 36 தவறுகளையும் பிரித்துப் பார்த்தபோது, 18 வினாக்களில் வாய்பாடு மறந்துபோயிருந்தது. 10 வினாக்களில் கருத்தே விளங்கவில்லை. 8 வினாக்களில் கூட்டல், பெருக்கல் பிழைகள். பாதித் தவறுகளுக்குக் காரணம் மறதி. அதற்குப் பாடத்தை மீண்டும் படிப்பது உரிய மருந்தன்று. ஒவ்வொரு நாளும் படிக்கத் தொடங்குமுன் 15 நிமிடம், பழைய வாய்பாடுகளைப் பாராமல் எழுதிப் பார்த்தலே மருந்து.

சட்டத்தாளில் நிலைமை வேறு. விதிகள் அவருக்குத் தெரிந்தேயிருந்தன. எனினும் ஆங்கிலத்தில் எழுத நேரம் போதாமல் மூன்று விடைகள் பாதியில் நின்றன. எனவே வாசிப்பைக் குறைத்து, நாளுக்கு ஒரு விடை எழுதுகிறார். உரிய விதி, வழக்கின் செய்திகளுக்கு அது பொருந்தும் விதம், முடிவு என்னும் மூன்று பத்திகளில் ஒவ்வொரு விடையும் அமைகிறது. கணக்கியலிலும் பொருளியலிலும் இலக்கைக் கடந்திருப்பதால், அவற்றிலிருந்து ஒவ்வொரு மணி நேரத்தை எடுத்துச் சட்டத்திற்கும் அளவறி திறனுக்கும் தருகிறார். வாரத்தின் கூட்டுத்தொகை 24ஆகவே இருக்கிறது. மதிப்பாய்வின் முடிவில் மணி நேரமோ படிக்கும் முறையோ மாறியிருக்க வேண்டும். இல்லையேல் மாற்றம் தேவையில்லை என்பதற்குக் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

திட்டம் தரும் கடினமான விடை

எட்டாம் வார முடிவில் மதிப்பெண்கள் முறையே 60, 43, 47, 58. கூடுதல் 208. எல்லாத் தாள்களும் 40ஐக் கடந்துவிட்டன. ஆனால் கல்லூரி திறக்கிறது. ஒரு வாரம் அளந்து பார்த்ததில் கிடைக்கும் நேரம் 18 மணியாகக் குறைந்திருக்கிறது.

புதிய பாடத்திற்கு மேலும் ஆறு வாரங்கள் தேவை. 24 மணி வீதம் 144 மணி நேரம். இப்போது கிடைப்பதோ 108 மணி நேரம். குறையும் 36 மணி நேரம், புதிய கணக்கின்படி இரண்டு வாரங்களுக்குச் சமம். அவற்றைக் கடைசி நான்கு வாரங்களிலிருந்து எடுத்தால், திருப்புதலுக்கு 36 மணி நேரமே எஞ்சும். நான்கு தாள்களையும் ஒருமுறை எழுத 10 மணி நேரம் ஆகும். விடைகளைத் திருத்திக் காரணம் காண ஏறத்தாழ அதே அளவு நேரம் வேண்டும். ஆக, ஒரே ஒரு சுற்று முடிந்தவுடன் தேர்வு வந்துவிடும். முதற்கட்டத்தில் கற்றவற்றைத் திருப்பிப் பார்க்கப் போதிய இடமில்லை. கட்ட இறுதி வாரங்களைக் கைவிடலாம் என்றால், 34 பெற்ற தாளை 43க்கு உயர்த்தியவை அந்த வாரங்களே.

இந்நிலையில் மாணவி, விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன்னரே, அடுத்த தேர்வுப் பருவத்திற்கு மாறிக்கொள்கிறார். இத்தேர்வு ஆண்டில் ஒருமுறைக்கு மேல் நடைபெறுவதால் அது இயல்கிறது. வாரத்திற்கு 18 மணி நேரம் என்ற புதிய அளவில் எஞ்சிய கட்டங்களை மறுபடியும் வகுக்கிறார். சட்டத்தாளின் இலக்கை 45இலிருந்து 50ஆக உயர்த்துகிறார். அவரது கணக்கேடு எட்டாம் வாரத்திலேயே இதனைத் தெரிவித்தது. அது இல்லாதிருந்தால், செப்டம்பர் மாதத் தேர்வறையில்தான் இது தெரிய வந்திருக்கும்.